உப்புக்கறையோடு மார்பிளும் கரையும்

"பெங்களூருவில் அபார்ட்மெண்ட் வீடு, போர்வெல் தண்ணீர். அடுப்புப் பக்கம் கறுப்பு கிரானைட், சிங்க் பக்கமும் பூஜை இடத்திலும் வெள்ளை மார்பிள். தருமபுரிப் பக்கத்து அக்கா ஒருவர் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறார். குழாயைச் சுற்றியிருந்த உப்புக்கறையை எலுமிச்சை மூடியால் தேய்த்தார். கறை போய்விட்டது, ஆனால் மார்பிள் திட்டுத்திட்டாக மங்கிவிட்டது. இனி எப்படித் துடைக்கச் சொல்வது?"

அந்த அக்கா மேல் தப்பில்லை. எவர்சில்வர் குழாயில் அது நல்ல வைத்தியம்தான். குழாயைச் சுற்றிப் படியும் வெள்ளைக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மார்பிளும் அதே பொருள்தான். எந்தப் புளிப்பு அந்தக் கறையைக் கரைக்கிறதோ, அது கல்லையும் கரைக்கும். மார்பிளில் உப்புக்கறையை மட்டும் கரைக்கிற புளிப்பு எதுவும் கிடையாது. எலுமிச்சை, வினிகர், புளி, தயிர், தக்காளி எல்லாமே இதில் சேர்த்தி. பாத்ரூம் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

கிரானைட் வேறு ஜாதிக் கல். சமையலறைப் புளிப்பு அதை அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. அதனால் அக்காவிடம் வேதியியல் பேச வேண்டியதில்லை. இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா, வெள்ளைக் கல் மேல புளிப்பு எது பட்டாலும் தேய்க்காதீங்க. துணியை வச்சு ஒத்தி எடுங்க, உடனே நல்லா தண்ணி விட்டுத் துடைங்க." ஒத்தி எடுப்பதை ஒரு தடவை நீங்களே செய்து காட்டுங்கள். தேய்த்தால் புளிப்பு இன்னும் அகலமாகப் பரவும்.

பூஜை இடத்தில் இதைப் பலர் கவனிப்பதில்லை. பித்தளை விளக்கைப் புளி போட்டு விளக்கி, சரியாக அலசாமல் ஈரத்தோடு மார்பிளில் வைத்தால் அடிவட்டம் அப்படியே பதிந்துவிடும். விளக்கை நன்றாக அலசித் துடைத்து, அடியில் ஒரு தட்டு வைத்தால் போதும்.

தினசரித் துடைப்புக்கு இரண்டு கல்லுக்கும் ஒரே முறைதான். முதலில் உலர்ந்த துணியால் பருக்கை, மாவு, மண் எல்லாவற்றையும் தள்ளிவிட வேண்டும்; அது கிடக்கும்போதே அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் புளிப்பு சேராத பாத்திரம் கழுவும் திரவம் அரை டீஸ்பூன் கலந்து, மெல்லிய துணியால் துடைக்கட்டும். அப்புறம் வெறும் தண்ணீரில் நனைத்த துணி. கடைசியில் உலர்ந்த துணி. இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிடவே கூடாது. போர்வெல் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்பு படியும், உப்பு படிந்தால் மறுபடி யாராவது எலுமிச்சையைத் தேடுவார்கள். சிங்க் ஓரத்தில் ஒரு துணியை நிரந்தரமாகத் தொங்கவிடுங்கள்.

பச்சை நார், கம்பி நார், பாத்திரம் தேய்க்கும் பவுடர் மூன்றும் மேடைக்கு வேண்டாம். பச்சை நாரில் இருக்கும் உராய்வுத் துகள் கிரானைட்டைவிடவே கடினமானது. மார்பிள் அதைவிட மென்மை. கம்பி நாரின் துணுக்கு ஈரத்தில் கிடந்தால் துருக்கறை வேறு.

கிரானைட் மங்கினால் பாலிஷ் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சோப்பு, எண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்து ஏடு மாதிரி படிந்திருக்கலாம். வெந்நீரில் துணியை நனைத்து இரண்டு மூன்று தடவை துடைத்து, உடனே உலர்த்திப் பாருங்கள். குழாய் அடியில் உப்பு கெட்டியாக இருந்தால், ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு ஊறவைத்துப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் மெதுவாகச் சுரண்டலாம். கிரானைட்டிலும் எலுமிச்சை வேண்டாம் என்றே சொல்வேன். வழிந்தால் பக்கத்து மார்பிளில்தான் போய் நிற்கும்.

இப்போது உங்கள் திட்டுகள். போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நகத்தால் வருடும்போது மேடாகத் தட்டுப்பட்டால் அது இன்னும் மிச்சமிருக்கும் உப்பு. கிரானைட்டுக்குச் சொன்ன அதே வழியில், இன்னும் மென்மையாக எடுக்கலாம். நிறம் மட்டும் மாறி, பளபளப்பு அப்படியே இருந்தால் உள்ளே இறங்கிய கறை. மேடும் இல்லாமல், நிறமும் மாறாமல், வெளிச்சம் மட்டும் அந்த இடத்தில் மங்கினால் கல்லின் மேல்பரப்பு அரிக்கப்பட்டிருக்கிறது. இதைத் துடைத்து எடுக்க முடியாது, மறுபடி பாலிஷ்தான். சீலர் அடித்தாலும் இது வராமல் போகாது. எண்ணெய், மஞ்சள் உள்ளே இறங்குவதைத்தான் சீலர் தாமதப்படுத்தும்.

லேசான திட்டுக்கு மார்பிள் பாலிஷ் பவுடரை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்தால் ஓரளவு தெளியும். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். விரல் வைத்தால் சொரசொரப்பாக இருந்தால் பாலிஷ்காரரைக் கூப்பிடுங்கள். அந்த இடத்தை மட்டும் போடாமல், சிங்க் பக்கத்துப் பலகை முழுவதையும் ஒரே பதத்தில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதுப் பளபளப்பே தனித் திட்டாகத் தெரியும்.