காலம் தடுமாறுகிறதா, தாவுகிறதா?

அன்புள்ள அண்ணாச்சி,

என் சிறுகதையில் ஒரு பத்தி இது:

“தாத்தா தினமும் விடியலில் குறுக்குத்துறைப் படித்துறைக்குப் போவார். அன்றைக்கும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். ஆற்றுக்கு நடுவில் முருகன் கோயில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும். அன்றைக்கு ஆறு செக்கச்செவேலென்று வந்தது. தாத்தா கடைசிப் படியில் நின்று குனிந்து பார்க்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. சட்டென்று கால் வழுக்குகிறது, தாத்தா தண்ணீருக்குள் விழுகிறார், துண்டு மட்டும் மிதந்து போகிறது. நான் கத்தினேன். மேல்படியில் துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஆச்சி ‘இந்தா வந்துட்டேம்லே’ என்று ஓடிவந்து தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்தார். தாத்தாவுக்கு நீச்சல் தெரியும். ஆனால் அன்றைக்கு அவரால் முடியவில்லை.”

படித்த தோழி, “மூன்று காலமும் கலந்து கிடக்கிறது, எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கு” என்கிறாள். அப்படி மாற்றினால் எனக்கு ஒட்டவில்லை. எது பிழை, எது சரி?

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

மாற்றினால் ஒட்டவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது சரியான உணர்வு. இந்தப் பத்தியில் இறந்தகாலத்தை விட்டு விலகும் இடங்கள் பல உண்டு. அவற்றில் பிழை இரண்டுதான். அந்த இரண்டை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது என்று சொல்கிறேன்.

முதலில் எந்தச் சொற்களைப் பார்க்க வேண்டும், எவற்றை விட்டுவிடலாம் என்று தெரிய வேண்டும். போட்டுக்கொண்டு, நின்று, குனிந்து, மிதந்து, பிடித்து போன்ற வினையெச்சங்களைத் தொடவே வேண்டாம். அவை இறந்தகால வடிவில் இருந்தாலும், எந்தக் காலத்தில் நடந்தது என்பதை முடிக்கும் வினைதான் சொல்லும். “குனிந்து பார்த்தார்”, “குனிந்து பார்க்கிறார்” இரண்டிலும் ‘குனிந்து’ மாறவில்லை, பாருங்கள். ‘முடியவில்லை’யையும் விட்டுவிடலாம். நேற்றைக்கும் இன்றைக்கும் அந்த ஒரே வடிவம்தான். மிச்சமிருக்கும் வினைமுற்றுகளுக்கு மட்டும் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். பெயரெச்சங்களை வட்டமிட்டுத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றுக்குக் கடைசியில் வருவோம்.

கிளம்பினார், போனேன், வந்தது, இருந்தது, கத்தினேன், இழுத்தார். கதையை நகர்த்துகிற வினைகளில் பெரும்பாலானவை இறந்தகாலம். ஆகவே கதையின் அடிப்படைக் காலம் அதுதான். இனி விலகி நிற்கும் ஒவ்வொரு வினையையும் இறந்தகாலமாக மாற்றி வாசியுங்கள். மாற்றியதும் பொருள் கெடுகிறதா, வேகம் மட்டும் குறைகிறதா, அல்லது எதுவுமே ஆகவில்லையா? மூன்றாவதுதான் பிழைக்கு அடையாளம்.

“கோயில் இருக்கிறது” என்பதை “இருந்தது” ஆக்கிப் பாருங்கள். ஆற்றோடு கோயிலே போய்விட்ட மாதிரி ஆகிவிடுகிறது! குறுக்குத்துறை முருகன் இன்றைக்கும் தாமிரபரணிக்கு நடுவில்தான் இருக்கிறார். வெள்ளத்தில் முங்குவதும் தண்ணீர் வடிந்தபின் வெளியே வருவதும் அந்தக் கோயிலுக்குப் பழக்கம். ஆகவே ‘இருக்கிறது’, ‘புகுந்துவிடும்’ இரண்டும் நிற்க வேண்டும். உங்கள் தோழி சொன்னபடி செய்தால் திருநெல்வேலிக்காரர்கள் அந்த வரியில் திடுக்கிட்டு நிற்பார்கள்.

‘போவார்’ எதிர்கால வடிவம். ஆனால் அங்கே அது வழக்கத்தைச் சொல்கிறது. அதை ‘போனார்’ ஆக்கினால், வழக்கமாக நடந்ததற்கும் அந்த ஒரு நாள் நடந்ததற்கும் உள்ள வித்தியாசம் மங்கிப்போகும். ‘போவார்’ என்பதிலிருந்து ‘கிளம்பினார்’ என்று மாறும்போதுதான் வாசகருக்குக் குறிப்பிட்ட ஒரு நாளுக்குள் நுழைந்துவிட்டோம் என்று தெரிகிறது. ‘நீச்சல் தெரியும்’ என்பதும் அப்படித்தான். தாத்தாவிடம் நிலையாக இருந்த ஒன்றை அது சொல்கிறது, கதை எந்தக் காலத்தில் நடந்தாலும் அது மாறாது.

இப்போது “குனிந்து பார்க்கிறார்”. ‘பார்த்தார்’ என்று மாற்றுங்கள். பொருள் கெடவில்லை, வேகமும் குறையவில்லை. முன்னால் ‘வந்தது’, பின்னால் ‘இருந்தது’, நடுவில் ஒற்றை நிகழ்காலம். இதுதான் சறுக்கல். நாம் வாயால் கதை சொல்லும்போது, “பாத்தா, அண்ணாச்சி கடைசிப் படியில நிக்காரு” என்று இயல்பாகவே நிகழ்காலத்துக்குத் தாவிவிடுவோம். அந்தப் பேச்சின் ஓசை காதில் இருக்கும்போது எழுதினால் இப்படி ஒன்று நுழைந்துவிடும். ஆனால் பேச்சில் அந்த ‘பாத்தா’ என்ற சொல் கேட்பவரை முன்கூட்டியே தயார் செய்கிறது. உங்கள் வரியில் அப்படி எதுவும் இல்லை. அடுத்த வரியையும் “பயமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தால், தாவல் அங்கிருந்தே தொடங்குகிறது என்று நான் ஒப்புக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பக்கத்திலேயே “வழுக்குகிறது, விழுகிறார், போகிறது” என்று வருகிறது. இவையும் நிகழ்காலம்தான், ஆனால் பிழை இல்லை. இறந்தகாலமாக்கினால் சம்பவம் அப்படியே இருக்கும், படபடப்பு போய்விடும். ‘சட்டென்று’ என்ற சொல் தாவலை அறிவிக்கிறது, மூன்று வினைகளும் ஒரே மூச்சில் ஓடுகின்றன. வேண்டுமென்றே செய்தது என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? முந்தைய ‘பார்க்கிறார்’ இதைத்தான் கெடுக்கிறது. ஏற்கெனவே ஒரு முறை காரணமில்லாமல் நிகழ்காலத்துக்குப் போய் வந்த வாசகருக்கு, இங்கே வரும் தாவலும் கவனக்குறைவு போலத் தெரியும். உங்கள் தோழிக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதை மட்டும் ‘பார்த்தார்’ என்று திருத்தினால் இந்த மூன்றும் தாமாகவே துலங்கும்.

தாவலிலிருந்து எங்கே திரும்புவது என்பதையும் யோசியுங்கள். நீங்கள் ‘கத்தினேன்’ என்பதில் திரும்பிவிடுகிறீர்கள். அது தவறில்லை. ஆனால் அந்தக் கத்தல் விழுந்த கணத்தோடு சேர்ந்தது என்று எனக்குப் படுகிறது. “நான் கத்துகிறேன்” என்று அதையும் உள்ளே வைத்துவிட்டு, ஆச்சி ‘இழுத்தார்’ என்னும்போது திரும்பினால், தாத்தா பிழைத்த இடமும் கதை தன் காலத்துக்கு வரும் இடமும் ஒன்றாகிவிடும். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.

“இந்தா வந்துட்டேம்லே” என்கிறார் ஆச்சி. இன்னும் வந்து சேரவில்லை, ஆனாலும் ‘வந்துட்டேன்’. பேச்சுக்குள் இருப்பது பேசுகிறவரின் காலம், அதைக் கதையின் காலத்தோடு சேர்க்கக் கூடாது. அதோடு இது நம் இலக்கணமே ஏற்றுக்கொண்ட மயக்கம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களால் காலம் பிறழலாம் என்று சொல்கிறது. ஆச்சியின் சொல் விரைவில் வரும். தாத்தா தினமும் ‘போவார்’ என்பதை இயல்பில் சேர்க்கலாம்.

அப்புறம் வட்டமிட்ட பெயரெச்சம். “துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஆச்சி ஓடிவந்து இழுத்தார்” என்பதுதான் இரண்டாவது பிழை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். பெயரெச்சம் நிகழ்காலத்திலோ எதிர்காலத்திலோ இருப்பதாலேயே பிழையாகிவிடாது. “ஓடுகிற பஸ்ஸில் ஏறினான்” என்பது சரியான வாக்கியம், ஏனென்றால் அவன் ஏறும்போதும் பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. பெயரெச்சத்தின் செயல் முடிக்கும் வினை நடக்கும் நேரத்திலும் நீடிக்கிறதா என்று பாருங்கள். ஆச்சி இழுக்கும்போது துணி துவைக்கவில்லை, துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். ஆகவே “துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி”. இந்தப் பிழை கண்ணுக்கு எளிதில் அகப்படாது, ஏனென்றால் நாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

ஆக, ‘பார்க்கிறார்’, ‘துவைத்துக்கொண்டிருக்கும்’ இரண்டையும் திருத்துங்கள், ‘கத்தினேன்’ உங்கள் விருப்பம். திருத்திய பிறகு, தாவலுக்கு முந்தைய வாக்கியத்திலிருந்து வாய்விட்டு வாசியுங்கள். தாவும் வரியிலிருந்தே வாசிக்கத் தொடங்கினால் எந்தக் காலமும் சரியாகத்தான் கேட்கும்.