தொப்பூர் இறக்கத்தில் ஒரு கை

கேள்வி: பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகும் இரவுப் பேருந்தில் அப்பாவும் மகளும் மனத்தாங்கல் தீர்ந்து சேர்வதாக நான் எழுதிய சிறுகதையை, ‘சமாதானம் நம்பும்படி இல்லை’ என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். எது நம்பும்படி இல்லை?
— வாசகி, அல்சூர்

பதில்: ஒற்றை வரியில் முடித்தது என் தவறு. உங்கள் கதையில் பேருந்து ஓசூரைத் தாண்டுவதற்குள் அப்பா “என்னை மன்னித்துவிடு அம்மா” என்கிறார். கிருஷ்ணகிரியில் இருவரும் அழுது முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மதுரை வரை ஓடும் பேருந்தில் தீர்வதற்கு மனத்தாங்கலே மிச்சமில்லை. மகளைக் கேட்காமல் அவளுடைய ஜாதகத்தை ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, தையிலிருந்து ஆடி வரை அவளோடு பேசாமல் இருந்த மனிதர், சுற்றிலும் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வண்டியில் அவ்வளவு சீக்கிரம் அப்படிப் பேசமாட்டார்.

பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பதால் முகம் பார்க்க வேண்டியதில்லை; எழுந்து போகவும் வழியில்லை. சாந்திநகரில் புறப்பட்டு, சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைக் கடக்கும் வரை அவர்கள் பேசாமலே வரட்டும். அந்த மௌனத்தை உங்கள் வாசகர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சாலையில் அனுபவித்தவர்கள்தான். விளக்கை அணைத்த பிறகு முதல் பேச்சு வரட்டும், அதுவும் “ஜன்னலைச் சாத்தட்டுமா?” என்ற அளவில் போதும்.

தருமபுரிக்கு அப்பால் தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது, அப்பாவின் கை தன்னையறியாமல் நீண்டு, தூங்கும் மகளின் முன்னே கம்பியைப் பிடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. நீங்களோ அதை அரை வரியில் கடந்துவிட்டீர்கள். கதையைச் சொல்பவள் மகள் என்பதால், தூங்குபவள் அதை எப்படிப் பார்த்தாள் என்ற கேள்வியும் எழுகிறது. அவள் விழித்துக்கொண்டு, விழித்ததைக் காட்டாமல், நரம்பு புடைத்த அந்தக் கையையே இறக்கம் முடியும் வரை பார்த்திருக்கட்டும்.

அடுத்து, சேலத்துக்கு முன்னால் தேநீருக்கு நிறுத்தும் இடம். அங்கே அப்பா “எனக்குச் சர்க்கரை வேண்டாம்” என்று கடைக்காரரிடம் சொல்வதாக வைத்திருக்கிறீர்கள். மகள் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடித்த மனிதர் அவர் என்று முதல் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்களே! “எப்போதிலிருந்துப்பா?” என்று அவள் கேட்க வேண்டாமா? “சித்திரையிலிருந்து” என்று அவர் சொன்னால், பேசாமல் இருந்த மாதங்களில் தான் அறியாமல் போனது என்ன என்பது அவளுக்கு அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடும். அதன் பிறகு, தம்ளரை வைத்துவிட்டு, “அந்த ஜாதகத்தைத் திருப்பி வாங்கிட்டேன்” என்று மட்டும் அப்பா சொல்லட்டும். மன்னிப்பு என்ற சொல் கதையில் எங்குமே வர வேண்டாம்.

நாமக்கல், கரூர், திண்டுக்கல் எல்லாவற்றையும் ஒரே வரியில் கடந்துவிடுங்கள். அழும் இரண்டு பக்கங்களை நீக்கிவிட்டு மறுபடி அனுப்புங்கள், நானே படிக்கிறேன்.