ஆஃபர் வந்த பிறகு மெயிலில் கூடுதல் சம்பளம் கேட்பது

"கும்பகோணத்தில் இருக்கிறேன். சென்னை கம்பெனி ஒன்று கணக்கர் வேலைக்கு ஆண்டுக்கு 4.2 லட்சம் தருகிறது. மரியாதை குறையாமல் மெயிலில் கூடக் கேட்பது எப்படி?"

வந்த ஆஃபரை மறுக்காமல், வேறொரு தொகையைக் காரணத்தோடு முன்வைப்பதுதான் எதிர்க்கோரிக்கை. பெரும்பாலும் ஹெச்.ஆர். தானாகத் தொகையை உயர்த்த முடியாது, மேலே ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் மெயிலையே அவர் அங்கே அனுப்பக்கூடும். அதனால் வீட்டுக் கஷ்டம், சென்னை வாடகை எல்லாம் அதில் வேண்டாம். களத்தில் நெல்லுக்கு விலை பேசுபவர் தன் கடனைச் சொல்வதில்லை, ஒரு கைப்பிடி நெல்லை அள்ளிக் காட்டுவார்.

இப்படி எழுதலாம்: "ஆஃபருக்கு நன்றி. இந்தப் பணியில் சேர ஆர்வமாக உள்ளேன். தஞ்சாவூரில் 3 ஆண்டுகள் ஜி.எஸ்.டி. கணக்குகளைத் தனியாகக் கவனித்திருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கருதி, ஆண்டுச் சம்பளத்தை 4.8 லட்சமாக உயர்த்த இயலுமா?"

ஒரே தொகையைச் சொல்லுங்கள். "4.5 முதல் 4.8 வரை" என்று எழுதினால் 4.5 பக்கம்தான் பேச்சு போகும். அப்புறம், கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கும் சி.டி.சி.க்குள், அதாவது உங்களுக்காகக் கம்பெனி ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகைக்குள், இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

கேட்டாலே ஆஃபர் ரத்தாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். பணிவான மெயிலுக்கு வழக்கமாக வரும் மோசமான பதில் "இந்தத் தொகைதான் முடியும்" என்பதே.