கல்விக் கடன் வட்டிச் சான்றிதழ் கேட்டு வங்கிக்கு எழுதும் கடிதம்

கேள்வி: "என் மகன் பெயரில் கல்விக் கடன், நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இ.எம்.ஐ கட்டுவது நான்தான். வரிச் சலுகைக்கு வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?"

பதில்:

நான் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவில் வேலை பார்த்தவன். "வட்டிச் சான்றிதழ் தரவும்" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், சிஸ்டத்தில் பட்டனைத் தட்டியதும் என்ன வருகிறதோ அதைத்தான் கிளையில் முத்திரை வைத்துத் தருவார்கள். பல நேரங்களில் அது அந்த ஆண்டு உங்கள் கணக்கில் போடப்பட்ட வட்டியாக இருக்கும். உங்களுக்குத் தேவை நீங்கள் கட்டிய வட்டி. 2025-26 நிதியாண்டு வரையிலான கணக்குக்குப் பொருந்தும் 1961 வருமான வரிச் சட்டத்தின் 80E பிரிவு கழிவு தருவது, அந்த நிதியாண்டில் உங்கள் வருமானத்திலிருந்து நிஜமாகவே கட்டிய வட்டிக்கு மட்டும்தான். அசலுக்குக் கிடையாது. ஆனால் வட்டிக்கு உச்சவரம்பும் கிடையாது. அதனால்தான் இந்த வித்தியாசம் காசாகத் தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2024 ஏப்ரல் 1 அன்று கடன் பாக்கி 7,20,000 ரூபாய், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் வரை தவணை கட்டத் தேவையில்லாத மொரட்டோரியம் காலம், எதுவும் கட்டவில்லை. மாதம் 6,000 வீதம் ஆறு மாதத்தில் 36,000 வட்டி ஏறுகிறது. அக்டோபரில் அது அசலோடு சேர்ந்து பாக்கி 7,56,000 ஆகிறது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாதம் 10,000 இ.எம்.ஐ, மொத்தம் 60,000 கட்டுகிறீர்கள். அந்த ஆறு மாதத்தில் ஏறிய வட்டி சுமார் 37,300.

இப்போது சிஸ்டம் தரும் சான்றிதழில் "2024-25 வட்டி" என்ற இடத்தில் சுமார் 73,300 என்று வரலாம். முழு ஆண்டும் கணக்கில் போட்ட வட்டி அதுதான், எண் பொய்யில்லை. ஆனால் நீங்கள் கட்டியதே மொத்தம் 60,000. கட்டியதைவிடக் கட்டிய வட்டி அதிகமாக இருக்க முடியாது. இந்த ஒரு சோதனையைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் செய்துவிடுங்கள்: கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டை எடுத்து, ஏப்ரல் முதல் மார்ச் வரை வரவுப் பக்கத்தைக் கூட்டுங்கள். சான்றிதழில் உள்ள வட்டி அதைத் தாண்டினால், அது கட்டிய வட்டி இல்லை.

அப்படியானால் கட்டிய வட்டி எவ்வளவு? இங்கேதான் வங்கி எழுதித் தர வேண்டியிருக்கிறது. மொரட்டோரியம் வட்டியை அசலோடு சேர்த்துவிட்ட வங்கியில், 60,000-ல் வட்டிக்குப் போனது 37,300, மீதி 22,700 அசலுக்கு. ஆரம்பத்தில் ஏறிய 36,000 அசலாக மாறிவிட்டதால், அடுத்தடுத்த ஆண்டுச் சான்றிதழ்களிலும் அசலாகவே வரும். ஆனால் பழைய வட்டிப் பாக்கியைத் தனியாக வைத்து, வரும் பணத்தை முதலில் அதற்கு வரவு வைக்கும் வங்கியும் உண்டு. அங்கே 60,000 முழுவதுமே வட்டியாக இருக்கலாம். வெளியிலிருந்து நாம் இதை ஊகிக்க முடியாது. கடிதத்தில் பிரித்துக் கேட்க வேண்டும்.

இன்னொன்று, அரசு வட்டி மானியம் வாங்கும் கடனாக இருந்தால், மானியத் தொகையும் வரவுப் பக்கத்தில்தான் விழும். அதைக் கட்டியது நீங்கள் இல்லை, அதனால் அதற்குக் கழிவு கேட்க முடியாது. அதையும் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

இனி பெயர் விஷயம். கடன் கணக்கில் மகன் பெயர் முதலில் இருக்கும். சான்றிதழும் பெரும்பாலும் அவர் பெயரில் மட்டுமே அச்சாகி வரும். உங்கள் அலுவலகத்துச் சம்பளப் பிரிவில் அதைப் பார்த்துவிட்டு "இது உங்கள் கடன் இல்லையே" என்று திருப்பிவிடுவார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. பிள்ளையின் மேல்படிப்புக்காகப் பெற்றோர் வாங்கிய கடனுக்குச் சலுகை உண்டு, ஆனால் கடனை வாங்கியவர் நீங்களாக இருக்க வேண்டும். நீங்கள் சேர்ந்து போட்ட கையெழுத்து கூட்டுக் கடன்தாரராகவா, ஜாமீன்தாரராகவா என்பதை அனுமதிக் கடிதத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கடன்தாரர் என்றால் கவலையில்லை, இரண்டு பெயரும் வரும்படி சான்றிதழ் கேளுங்கள். வெறும் ஜாமீன்தாரர் என்றால் இ.எம்.ஐ உங்கள் சம்பளத்திலிருந்து போனாலும் 80E கேட்பது சிக்கல்தான். மகன் வேலைக்குப் போய் அவரும் கொஞ்சம் கட்டுகிறார் என்றால், ஒரே வட்டியை இருவரும் காட்டிவிடாதீர்கள். அவரவர் கட்டியதை அவரவர் காட்டலாம்.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

அனுப்புநர்:
(உங்கள் பெயர், முகவரி, கைபேசி எண்)

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கி, கிளை)

பொருள்: கல்விக் கடன் கணக்கு எண் ______ – 2024-25 நிதியாண்டில் செலுத்திய வட்டிக்கான சான்றிதழ் வேண்டி.

ஐயா / அம்மா,

மேற்படி கல்விக் கடனில் என் மகன் ______ முதன்மைக் கடன்தாரர், நான் கூட்டுக் கடன்தாரர். தவணைகளை என் சேமிப்புக் கணக்கு எண் ______ இலிருந்து செலுத்தி வருகிறேன். வருமான வரிச் சட்டம் 80E பிரிவின் கீழ் கழிவு கோருவதற்காக, 01.04.2024 முதல் 31.03.2025 வரையிலான காலத்துக்குக் கீழ்க்கண்ட விவரங்களுடன் சான்றிதழ் வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கில் விதிக்கப்பட்ட மொத்த வட்டி. நாங்கள் செலுத்திய மொத்தத் தொகை. அதில் வட்டிக்கு வரவு வைத்தது, அசலுக்கு வரவு வைத்தது தனித்தனியாக. வட்டி மானியம் ஏதும் வரவாகியிருந்தால் அந்தத் தொகை. கடன் அனுமதித்த தேதி, அனுமதித்த தொகை, 31.03.2025 அன்றைய பாக்கி. இக்கடனுக்கு முதன்முதலில் வட்டி செலுத்தப்பட்ட தேதி.

சான்றிதழில் இரு கடன்தாரர்களின் பெயரும், என் பான் எண் ______-உம் இடம்பெறச் செய்ய வேண்டுகிறேன். பான் அட்டை நகலும் கடன் அனுமதிக் கடித நகலும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

அவ்வளவுதான். கடன் அனுமதித்த தேதி, தொகை, பாக்கி எல்லாம் எதற்கு என்று தோன்றும். 2025-26 மதிப்பீட்டு ஆண்டு, அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானம் முதல் ரிட்டர்ன் படிவத்திலேயே 80E-க்குக் கடன் கொடுத்தவர் பெயர், கணக்கு எண், இந்தத் தேதி, தொகை, மார்ச் 31 பாக்கி எல்லாவற்றையும் நிரப்பச் சொல்கிறார்கள். ஒரே தாளில் இருந்தால் ஜூலை மாதம் அலைய வேண்டாம்.

கடைசியில் கேட்ட "முதன்முதலில் வட்டி செலுத்திய தேதி" பலர் கவனிக்காத சமாச்சாரம். 80E சலுகை முதல் வட்டி கட்டிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகளுக்குத்தான். கடன் வாங்கிய தேதியிலிருந்தோ இ.எம்.ஐ தொடங்கியதிலிருந்தோ எண்ணுவதில்லை. படிக்கும்போதே மாதம் ஐந்நூறு, ஆயிரம் என்று வட்டிக்குக் கட்டி வந்திருந்தால் எட்டு ஆண்டுக் கணக்கு அப்போதே ஓடத் தொடங்கியிருக்கும். படிப்புக் காலத்தில் வட்டி கட்டினால் வட்டி விகிதத்தில் சலுகை தரும் வங்கிகள் உண்டு, அதனால் கட்டுவது தவறென்று சொல்லவில்லை. எத்தனை ஆண்டு மிச்சம் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும்.

கடன் வங்கியில் இல்லாமல் தனியார் நிதி நிறுவனத்தில் என்றால் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: 80E-க்காக அந்நிறுவனத்தை மத்திய அரசு அறிவிக்கை செய்த எண்ணையும் தேதியையும் சான்றிதழில் குறிப்பிடக் கேளுங்கள். வங்கிகளுக்கு இது தேவையில்லை. நிதி நிறுவனம் அறிவிக்கை செய்யப்பட்டிருந்தால்தான் சலுகை. உறவினரிடமோ, வேலை செய்யும் கம்பெனியிடமோ வாங்கிய கடனுக்கு இது கிடையாது.

எப்போது கொடுப்பது? அலுவலகத்தில் ஜனவரி, பிப்ரவரியிலேயே ஆதாரம் கேட்பார்கள். அப்போது ஆண்டு முடிந்திருக்காது, ஆகவே வங்கி தருவது தற்காலிகச் சான்றிதழ்தான். மீதி மாத இ.எம்.ஐ-களையும் கட்டிவிடுவீர்கள் என்ற அனுமானத்தில் தொகை போட்டிருக்கும். அலுவலகத்தில் கழிவு விவரம் எழுதித் தரும் படிவத்தோடு அதைக் கொடுத்துவிடலாம். ஆனால் மார்ச் தவணை செக் திரும்பியோ, தள்ளிப்போய் ஏப்ரலில் கட்டியோ இருந்தால் அந்த வட்டி இந்த ஆண்டுக் கணக்கில் வராது. அதனால் ஏப்ரலில் இறுதிச் சான்றிதழ் ஒன்று தனியாக வாங்கி, ரிட்டர்னில் அதிலுள்ள தொகையைக் காட்டுங்கள். நெட் பேங்கிங்கில் கடன் கணக்கின் கீழ் சான்றிதழ் டவுன்லோடு செய்யும் வசதி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மேலே சொன்ன பிரிப்பும் பெயர்களும் சரியாக இருந்தால் கடிதமே வேண்டாம்.

இவ்வளவும் செய்யுமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: நீங்கள் பழைய வரி முறையில் இருக்கிறீர்களா? புதிய வரி முறையில் 80E கழிவு இல்லை. 2023-24 நிதியாண்டு முதல் எதுவும் சொல்லாமல் விட்டால் புதிய முறைதான். சம்பளம் மட்டும் வாங்குபவர் என்றால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போடும்போது பழையதற்கு மாறிக்கொள்ளலாம். இரண்டிலும் வரியைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். என் அனுபவத்தில், வேறு கழிவு எதுவும் பெரிதாக இல்லாமல் கல்விக் கடன் வட்டியை மட்டும் நம்பிப் பழைய முறைக்குப் போனவர்களுக்கு மிச்சமானது குறைவு. வீட்டுக் கடன், வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்ந்து இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதே வாசகத்தைக் கிளையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பலாம். ஒரு வாரத்தில் வரவில்லை என்றால் நேரில் போய் அந்தப் பிரதியைக் காட்டிக் கேளுங்கள், அநேகமாக அங்கேயே அச்செடுத்துத் தந்துவிடுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியாக இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் பதியலாம், முத்திரை வாங்கிய பிரதியை அதில் இணைக்க வேண்டியிருக்கும்.