மேடைப் படத்தில் பூவை மட்டும் மாற்றுவது: கேள்வி பதில்

களியக்காவிளையிலிருந்து: அக்கா, நான் போட்ட கல்யாண மேடையில் செவ்வந்திக் கொத்து. பார்ட்டி வாட்ஸ்அப்பில் சம்பங்கி, ரோஸ் கொத்து ஒன்றை அனுப்பி, அதை அதே மேடையில் காட்டச் சொல்கிறார்கள். போட்டோஷாப்பில் வெட்டி ஒட்டினால் ஸ்டிக்கர் மாதிரி இருக்கிறது.

முதலில் அளவு, தம்பி. மேடை 24 அடி, போட்டோவில் அது 6000 பிக்சல் என்றால் அடிக்கு 250. நாலடிக் கொத்துக்கு 1000 பிக்சல் உயரம் வேண்டும். வந்த படத்தில் கொத்து 400 பிக்சல்தான் இருந்தால், இழுக்கும்போது இதழ்கள் குழைந்துவிடும். படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மேடைப் படத்தை 2400 பிக்சலுக்குச் சுருக்குங்கள். அப்போது அதே 400 சரியாக உட்காரும்.

அடுத்து வெளிச்சம். மேடையில் விளக்கு இடப்பக்கம், பூவின் மேல் வெளிச்சம் வலப்பக்கம் என்றால் கொத்தை இடவலமாகத் திருப்பலாம். பூவில் யாருக்கும் தெரியாது. நிறத்துக்குச் சம்பங்கிதான் நல்ல அளவுகோல். பகலில் நிழலான இடத்தில் எடுத்த சம்பங்கி லேசாக நீலம் அடிக்கும், உங்கள் மேடையின் வெள்ளைத் துணி மஞ்சளாக இருக்கும். பூ லேயரின் மேல் Curves வைத்து, Ctrl+Alt+G அழுத்திப் பூவுக்கு மட்டும் கட்டுங்கள். நீலத்தைக் குறைத்து, சிவப்பைக் கொஞ்சம் ஏற்றி, துணியின் வெள்ளைக்குக் கொண்டுவாருங்கள். ரோஸும் தானாகவே வழிக்கு வந்துவிடும்.

பாறசாலையிலிருந்து: இவ்வளவு எதற்கு? Multiply போட்டால் ஒட்டிக்கொள்ளும், நான் அப்படித்தான் செய்கிறேன்.

நிழலுக்கு அது சரி. பூவுக்குப் போட்டால் பின்னால் இருக்கும் துணியின் மடிப்பு சம்பங்கிக்குள் தெரியும், வெள்ளை அழுக்காகிவிடும். பூ Normal-இலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே தனி லேயரில், பூ துணியைத் தொடும் இடத்தில் அடர்ந்த மெல்லிய நிழல், விலக விலக மங்கலாக. ஸ்டிக்கர் தோற்றம் பெரும்பாலும் இந்தத் தொடு நிழல் இல்லாததால்தான். பழைய செவ்வந்தியின் நிழலையும் அழியுங்கள். சிலர் பூவை எடுத்துவிட்டு நிழலை விட்டுவிடுகிறார்கள். கொத்து இல்லாத இடத்தில் கறுப்பு திட்டு நிற்கும்.

தோவாளையிலிருந்து: சம்பங்கி நாலடிக்கு எத்தனை கிலோ பிடிக்கும், அக்கா? இன்றைக்கு விலை ஏறியிருக்கிறது.

அண்ணே, இங்கே படத்தில் மட்டும்தான் பூ. ஆனால் நீங்கள் சந்தைக்குப் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி, கீழே சொல்கிறேன்.

செங்கோட்டையிலிருந்து: பார்ட்டி தந்த படம் வேறொரு டெக்கரேட்டர் போட்டதாக இருந்தால்? அதை நம் ஆல்பத்தில் வைக்கலாமா?

அந்தப் பார்ட்டிக்கு மட்டும் காட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. ஆல்பத்தில் வைக்க மாட்டேன். "மாதிரி" என்று எழுதினாலும், அந்தக் கொத்தைக் கட்டிய கை வேறு. எழுதிவிட்டால் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள், அந்த வாதம் இன்னும் முடியவில்லை. நான் சொல்லும் வழி: தோவாளையில் கொஞ்சம் பூ வாங்கி, நீங்களே ஒரு கொத்து கட்டி, சாம்பல் துணி முன்னால், மேடை விளக்கு இருக்கும் அதே பக்கத்திலிருந்து வெளிச்சம் கொடுத்து எடுங்கள். கேமரா உயரமும் மேடைப் படத்தில் இருந்த உயரமே இருக்கட்டும். இப்படி எடுத்தால் திருப்பவும் வேண்டாம், நிறம் மாற்றும் வேலையும் பாதியாகும்.