பதினாலாவது வரியை மேலே கொண்டு வாங்க

"திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலைக்கு நேற்று மதியம் இன்டர்வியூ முடிந்ததுங்க. பேசியது முழுக்கத் தமிழில்தான். நன்றி சொல்லி மெயில் எழுதினால் இருபது வரி வந்துவிட்டது. அப்படியே அனுப்பலாமா?"
– ஒரு வாசகி, கோபி

அப்படியே வேண்டாங்க. வேண்டியது உள்ளேயே இருக்கிறது, மேலே குப்பை மூடியிருக்கிறது.

"தங்கள் பொன்னான நேரத்தை" என்று தொடங்கும் ஐந்து வரிக்கு ஒரு நன்றி போதும். "கடின உழைப்பாளி, எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்வேன்" என்பதை உங்களுக்கு அடுத்து உள்ளே போனவரும் எழுதுவார். கீழே அவர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி எதுவானாலும் அடித்துவிடுங்கள். குடும்பக் கஷ்டம் எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவருக்குச் சங்கடம், அதுவும் வேண்டாம்.

பதினாலாவது வரிக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நிறம் சரிபார்க்க அனுப்பும் சாயத் துணித்துண்டான லேப் டிப்பை பையர் திருப்பித் திருப்பி அனுப்புகிறார், சாம்பிள் தேதி தள்ளிப்போகிறது என்று மேனேஜர் புலம்பியிருக்கிறார். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற சாயம் இன்னொன்றில் மாறித் தெரிவது இதற்கு ஒரு வழக்கமான காரணம். பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை விளக்குக்கு டிஎல்84 என்று இரண்டிலும் பார்த்த பழக்கம் உங்களுக்கு இருக்கிறது. அவருடைய வலியும் உங்கள் கைவேலையும் சந்திக்கிற இடம் அதுதான். அதை மட்டும் வைத்து எழுதினால்:

வணக்கம் சார்,
நேற்று அவசரப்படாமல் பேசியதற்கு நன்றி. லேப் டிப் திரும்பி வருவதைப் பற்றிச் சொன்னீர்கள். கோபி பஸ்ஸிலும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முன்பு வேலை பார்த்த இடத்திலும் இதே சிக்கல் இருந்தது. ஒவ்வொரு துண்டையும் டி65, டிஎல்84 இரண்டிலும் பார்த்து, நோட்டில் குறித்த பிறகே பையருக்கு அனுப்புவோம். அந்த நோட்டு என் பொறுப்பில் இருந்தது. உங்கள் டீமில் இந்த வேலையைச் செய்ய விருப்பம். வேறு விவரம் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் சார்.

"நான் பொருத்தமானவள்" என்று எங்கேயும் இல்லை பாருங்கள். நோட்டு அதைச் சொல்லிவிடுகிறது. பஸ் வரி உண்மையாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். "ரிஜெக்‌ஷன் பாதியாகக் குறைந்தது" என்று சேர்க்கக் கை துறுதுறுக்கும். கணக்கு வைத்திருக்காவிட்டால் வேண்டாம், அடுத்த சுற்றில் எப்படி என்று கேட்பார்கள்.

இன்டர்வியூவுக்கு வரச் சொன்ன மெயிலுக்கே ரிப்ளையாக, இன்று மதியத்துக்குள் அனுப்புங்கள். யார், எந்த வேலைக்கு என்று அவர் தேட வேண்டியிருக்காது. ரெஸ்யூமை மறுபடி இணைக்காதீர்கள், சம்பளமும் ரிசல்ட்டும் இதில் கேட்காதீர்கள். இன்னொருவரும் உட்கார்ந்து கேள்வி கேட்டிருந்தால், அவர் கேட்டதை வைத்து அவருக்குத் தனியாக நாலு வரி. இதையே காப்பி எடுத்து அனுப்பினால் பக்கத்து மேஜையில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாங்களும் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.