குன்னூர் வாடகைக்கு உச்சவரம்பு: இன்றும் பத்து வருடம் கழித்தும்

“குன்னூரில் எங்கள் வாடகை 8,000-லிருந்து 11,000 ஆகிவிட்டது. உச்சவரம்பு கேட்டு மனு எழுதுகிறோம். வந்தால் எங்களுக்கு நல்லதுதானே?”

முதல் ஒன்றிரண்டு வருடம் நல்லதுதான். கட்டிய வீடு எங்கும் ஓடிப்போகாது. மாதம் 3,000 ரூபாய் உங்கள் கையில் நிற்கும், வீட்டுக்காரருக்கு அது நஷ்டம்.

பிறகுதான் கணக்கு மாறும். தகரக் கூரை ஒழுகுகிறது, மாற்ற 60,000 ஆகும் என்று வையுங்கள். அந்த 3,000 கூடுதலாக வந்தால் 20 மாதத்தில் போட்ட பணம் திரும்பும். வராதென்றால் தார் பூசிவிட்டுப் போய்விடுவார். ஐப்பசி மழையில் பீரோவை நகர்த்திப் பாருங்கள், பின்சுவர் கறுத்திருக்கும். நீங்கள் மிச்சம் பிடித்தது அந்தச் சுவரில் கரையும்.

அதைவிடப் பெரிய கவலை, அவருக்கு வேறு வழி இருப்பது. சீசனில் சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம், விற்றும் விடலாம். சான் பிரான்சிஸ்கோவில் 1994-இல் பழைய சிறு குடியிருப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. குடியிருந்தவர்கள் பெயராமல் நிலைத்தார்கள், அது உண்மையான நன்மை. ஆனால் அந்தக் கட்டிடங்களில் வாடகைக்குக் கிடைத்த வீடுகள் சுமார் 15 சதவீதம் குறைந்தன, மற்ற வீடுகளின் வாடகை ஏறியது. மலையில் புதிதாகக் கட்டுவதே கடினம், இங்கே அடி இன்னும் பலமாக விழும். அதை வாங்குவது நீங்களல்ல, அடுத்த வருடம் வேலைக்கு வந்து வீடு தேடும் நர்ஸ் பெண்.

மனுவில், குடியிருப்பவருக்கு வருடாந்திர உயர்வுக்கு மட்டும் வரம்பு கேளுங்கள். பழுதுபார்த்த செலவைத் தவணையாகச் சேர்க்க இடம் விடுங்கள்.